தலைகீழ் யீல்டு கர்வ் ஜோசியம் சொல்லாது

2024 ஜூலையில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவோட பேங்குக்குப் போனேன். ஒரு எஃப்.டி. முடிஞ்சிருந்தது, திரும்பப் போடணும். கவுண்ட்டருக்குப் பக்கத்தில் ரேட் போர்டு. 444 நாள் ஸ்பெஷல் திட்டத்துக்கு 7.25 சதவீதம். 5 வருஷத்துக்கு மேல் போட்டால் 6.5 சதவீதம். அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை படிச்சார். "அதிக நாள் பணத்தை விட்டு வைக்கிறவனுக்குத்தானே அதிக வட்டி? இங்க தலைகீழா இருக்கே?"

"ஏதாவது ஆஃபரா இருக்கும்ப்பா" என்று சொல்லித் தப்பிச்சேன். 444 நாளுக்கே போட்டோம்.

அதே சமயத்தில் நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் வேறொரு தலைகீழ் சுத்திக்கிட்டிருந்தது. "அமெரிக்காவில் யீல்டு கர்வ் தலைகீழாயிடுச்சு, ரெசஷன் நிச்சயம், பிளேஸ்மென்ட் அவ்வளவுதான்." இரண்டு வருஷமா அதே ஃபார்வர்டு. நம்ம சீனியர்கள் சிலர் அதை நம்பி, வந்த ஆஃபரை அவசரமா ஒத்துக்கிட்டாங்க. சிலர் வேலையே தேடாமல் மேற்படிப்புக்கு அப்ளை பண்ணினாங்க. கடைசியில் அமெரிக்காவில் அந்த ரெசஷன் வரவே இல்லை.

அப்படீன்னா அந்தக் கர்வ் பொய் சொன்னதா? இல்லை என்பது என் கட்சி. அது சொன்னது ஒண்ணு, நாம கேட்டது வேறொண்ணு. அப்பா கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் கண்டுபிடிச்சிருந்தால், அந்த ஃபார்வர்டையும் ஒழுங்கா படிச்சிருப்பேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விற்கக்கூடிய எஃப்.டி. ரசீது

அப்பாவோட எஃப்.டி.யை அவர் இன்னொருத்தருக்கு விற்க முடியாது. நடுவில் வேணும்னா உடைக்கலாம், அவ்வளவுதான். அதனால் அதுக்கு தினசரி விலைன்னு ஒண்ணு கிடையாது. பாண்ட் என்பதை, கைமாற்றி விற்கக்கூடிய எஃப்.டி. ரசீதுன்னு நினைச்சுக்கோங்க. மற்ற எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருது.

அரசாங்கம் 100 ரூபாய்க்கு ஒரு 10 வருஷ பாண்ட் வெளியிடுது. வருஷத்துக்கு 7 ரூபாய் கூப்பன், கடைசியில் 100 ரூபாய் திரும்ப வரும். இந்த வாக்குறுதி அச்சடிச்ச மாதிரி. அரசாங்கம் நினைச்சாலும் கூப்பனை 8 ஆக்காது, நீங்க அழுதாலும் 100-ஐ 110 ஆக்காது. நீங்க அதை வாங்கிட்டீங்க. அடுத்த வாரம் வட்டி ஏறிடுச்சு, புதுசா வர்ற 10 வருஷ பாண்ட் 8 ரூபாய் கூப்பனோட வருது. இப்போ உங்க கையில் இருக்கிற 7 ரூபாய் பாண்டை 100 ரூபாய்க்கு யார் வாங்குவாங்க? பக்கத்துக் கடையில் அதே 100 ரூபாய்க்கு 8 ரூபாய் தரும்போது யாரும் வாங்கமாட்டாங்க.

விற்கணும்னா விலையைக் குறைக்கணும். எவ்வளவுக்கு? வாங்குறவருக்கும் வருஷத்துக்கு 8 சதவீதம் கிடைக்கிற அளவுக்கு. வரப்போற ஒவ்வொரு ரூபாயையும் 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்து கூட்டினால் அந்த விலை கிடைக்கும். நம்ம ஆட்களுக்கு இதைக் கோடில் காட்டுறதுதான் சுலபம்:

```python
def price(c, y, n):
    return sum(c/(1+y)**t for t in range(1, n+1)) + 100/(1+y)**n

price(7, 0.08, 1)    # 99.07
price(7, 0.08, 10)   # 93.29
price(7, 0.08, 30)   # 88.74
price(7, 0.06, 10)   # 107.36
```

10 வருஷ பாண்டின் விலை 93.29. அதை வாங்குறவர் வருஷா வருஷம் 7 ரூபாய் வாங்கிக்கிட்டு, கடைசியில் 100 ரூபாயும் வாங்குவார். கம்மி விலைக்கு வாங்கினதால் கிடைக்கிற 6.71 ரூபாய் லாபத்தையும் சேர்த்தால் அவருக்கு வருஷத்துக்குச் சரியா 8 சதவீதம். அந்த 8-தான் யீல்டு. கூப்பன் மாறவே இல்லை, விலைதான் இறங்கி யீல்டை ஏத்திவிட்டது. வட்டி 6-க்கு இறங்கியிருந்தால் இதே பாண்டுக்குப் போட்டி போட்டு 107.36 கொடுப்பாங்க.

ஆக, "யீல்டு ஏறியது, அதனால் விலை இறங்கியது" என்று இரண்டு நிகழ்ச்சிகள் நடக்கலை. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறோம். வரப்போற பணம் மாறாதபோது, இன்றைக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கினால் வருமான விகிதம் ஏறித்தான் ஆகணும். ஒரு பின்னத்தில் தொகுதி மாறலை, பகுதி சிறுசாச்சு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் அந்த நாலு வரியிலேயே பாருங்க. வட்டி ஏறினது அதே 1 சதவீதம்தான். 1 வருஷ பாண்ட் ஒரு ரூபாய்கூட இழக்கலை. 10 வருஷ பாண்ட் கிட்டத்தட்ட 7 ரூபாய் இழந்தது. 30 வருஷ பாண்ட் 11 ரூபாய்க்கு மேல். குறைஞ்ச வட்டியில் எத்தனை வருஷம் மாட்டிக்கிட்டிருக்கீங்களோ, அத்தனை வருஷ இழப்பும் இன்றைய விலையில் வந்து உட்காரும்.

"கடைசி வரை வைத்திருந்தால் நஷ்டமில்லை"

இதைச் சொன்னதும் ஒருத்தர் கண்டிப்பா கேட்பார்: "விற்காமல் வைத்திருந்தால் 100 ரூபாய் வந்துடுமே, அப்புறம் எங்கே நஷ்டம்?" பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தது கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி பேங்க்.

2020, 2021-ல் ஸ்டார்ட்அப்களுக்கு முதலீடு கொட்டியது. அந்தப் பணமெல்லாம் இந்த பேங்கில் டெபாசிட்டாக வந்தது. பேங்க் அதில் பெரும்பகுதியை நீண்ட கால அரசு பாண்டுகளிலும், அரசு ஆதரவுள்ள வீட்டுக்கடன் பாண்டுகளிலும் போட்டது. அப்போ வட்டி அடிமட்டத்தில் கிடந்த காலம். 2020 ஆகஸ்டில் அமெரிக்க அரசு வெளியிட்ட 10 வருஷ பாண்டின் கூப்பன் வெறும் 0.625 சதவீதம்.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை ஏத்த ஆரம்பிச்சது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த ரேட் 2023 ஜூலையில் 5.25–5.50-க்குப் போய் நின்றது. 2020-ன் அந்த பாண்டுக்கு 2023 ஆகஸ்டில் இன்னும் 7 வருஷம் பாக்கி. சந்தையில் 7 வருஷ யீல்டு சுமார் 4.3. மேலே உள்ள ஃபங்ஷனில் போட்டுப் பாருங்க, 78 டாலர் வரும். உலகத்திலேயே பத்திரமானதுன்னு பேர் வாங்கின பாண்ட், ஒரு பைசா பாக்கி வைக்காத அரசாங்கம், ஆனாலும் 100-க்கு 22 போச்சு.

சிலிக்கான் வேலி பேங்க் இந்த மாதிரி பாண்டுகளில் பெரும்பகுதியை "மெச்சூரிட்டி வரை வைத்திருப்போம்" என்ற கணக்கில் எழுதி வைத்திருந்தது. அந்தக் கணக்கில் இருந்தால் விலை இறக்கத்தை லாப நஷ்டத்தில் காட்டவேண்டியதில்லை. 2022 முடிவில் அப்படிக் காட்டாத நஷ்டம் சுமார் 15 பில்லியன் டாலர். பேங்கின் சொந்த மூலதனமே சுமார் 16 பில்லியன்தான். அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட்அப்களுக்குப் புதுப் பணம் வருவது நின்று, அவங்க டெபாசிட்டை எடுத்துச் செலவு பண்ண ஆரம்பிச்சாங்க. பேங்க் வேறு வழியில்லாமல், விற்பதற்கென்று தனியாக வைத்திருந்த 21 பில்லியன் டாலர் பாண்டுகளை 1.8 பில்லியன் நஷ்டத்தில் விற்றதாக 2023 மார்ச் 8 அன்று அறிவிச்சது. மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை மக்கள் எடுக்கக் கேட்டாங்க. மார்ச் 10, பேங்க் மூடப்பட்டது.

கடைசி வரை வைத்திருக்கலாம்தான். ஆனால் உங்களுக்குக் கடன் கொடுத்தவங்களும் கடைசி வரை காத்திருக்கணுமே. அங்கேதான் விலைக்கும் யீல்டுக்கும் உள்ள இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வருது.

இரண்டு முனை, இரண்டு கை

இப்போ யீல்டு கர்வ். 3 மாதம், 2 வருஷம், 10 வருஷம், 30 வருஷம் என்று ஒரே அரசாங்கத்தின் பாண்டுகளை வரிசையா வச்சு, ஒவ்வொன்றின் யீல்டையும் புள்ளியாக் குறிச்சு இணைச்சால் வர்ற கோடு. வழக்கமாக இடமிருந்து வலமாக மேலே ஏறும். நீண்ட காலத்துக்குக் கொடுக்கிறவர் அதிக ரிஸ்க் எடுக்கிறார், அதுக்குக் கூலி கேட்பார். அப்பா சொன்ன நியாயம்தான்.

ஆனால் இந்தக் கோட்டின் இரண்டு முனையையும் பிடிச்சிருக்கிற கை வேறு வேறு. இடது முனை கிட்டத்தட்ட ஃபெட் கையில் இருக்கு. ஃபெட் ரேட்டை 5.25 என்று வைத்தால், 3 மாத பாண்ட் 2 சதவீதத்துக்கு விற்க வழியே இல்லை. வலது முனை சந்தையின் கையில். 10 வருஷ பாண்டை இன்றைக்கு எத்தனை பேர் என்ன விலைக்கு வாங்கத் தயாரா இருக்காங்க என்பதுதான் அதன் யீல்டு.

ஒரு கணக்கு. 1 வருஷ பாண்ட் 5 சதவீதம் தருது, 2 வருஷ பாண்ட் 4.5 சதவீதம்தான் தருது. 5 கிடைக்கும்போது எந்த புத்திசாலி 4.5-ஐ வாங்குவான்? அடுத்த வருஷம் என்ன கிடைக்கும்னு யோசிக்கிறவன் வாங்குவான். 2 வருஷ பாண்டில் போட்ட 100 ரூபாய், 1.045 × 1.045 என்ற கணக்கில் 109.20 ஆகும். 1 வருஷ பாண்டில் போட்டால் முதல் வருஷம் 105. அது 109.20 ஆகணும்னா இரண்டாம் வருஷம் 4 சதவீதம் கிடைக்கணும். அதாவது, அடுத்த வருஷம் ரேட் 4-க்குக் கீழே போயிடும்னு நினைக்கிறவனுக்கு இன்றைய 4.5 லாபம். அவனை மாதிரி நிறைய பேர் சேர்ந்து நீண்ட கால பாண்டுகளை வாங்குறாங்க. விலை ஏறுது. விலை ஏறினால் யீல்டு? இறங்கும். கோட்டின் வலது முனை இடது முனைக்குக் கீழே வந்துடுது.

இதுதான் தலைகீழ் யீல்டு கர்வ். முதல் பாதியில் பார்த்த அதே விலை-யீல்டு கணக்கு, கூட்டமா நடக்குது. 2022 ஜூலையில் அமெரிக்காவில் 2 வருஷ யீல்டு 10 வருஷ யீல்டைத் தாண்டிப் போச்சு. 2023 ஜூலைத் தொடக்கத்தில் 2 வருஷம் 4.94, 10 வருஷம் 3.86. ஒரு சதவீதத்துக்கும் மேல் பள்ளம். 2024 செப்டம்பர் வரை அப்படியே கிடந்தது.

அது சொன்னதும் சொல்லாததும்

இப்போ கவனிங்க. அந்தக் கோடு சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ரேட் இப்போ இருக்கிற உயரத்தில் நிலைக்காது, பின்னாடி இறங்கும்." ஏன் இறங்கும்னு அது சொல்லவே இல்லை.

ரேட் இறங்க இரண்டு வழி இருக்கு. பொருளாதாரம் சரிஞ்சு, வேலை போய், ஃபெட் பதறி ரேட்டைக் குறைக்கலாம். இல்லைன்னா விலைவாசி தானாகவே அடங்கி, இனி இவ்வளவு உயரம் தேவையில்லைன்னு நிதானமா குறைக்கலாம். இரண்டிலும் நீண்ட கால பாண்ட் வாங்கினவனுக்கு லாபம். அதனால் இரண்டுக்கும் கர்வ் ஒரே மாதிரிதான் வளையும்.

பழைய ரெக்கார்டு பலமானதுதான், மறைக்கலை. 1969-ல் தொடங்கினதிலிருந்து 2020 வரை அமெரிக்காவில் வந்த எட்டு ரெசஷனுக்கும் முன்னால் கர்வ் தலைகீழானது. கேம்ப்பெல் ஹார்வி என்பவர் 1986-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வில்தான் இந்தத் தொடர்பு பிரபலமாச்சு. ஆனால் எட்டு என்பது எத்தனை? லேபில் எட்டு ரீடிங்கை வச்சு ஒரு விதி எழுதிக் கொடுத்தால் நம்ம புரொஃபசர் ஏத்துப்பாரா? அந்த எட்டிலும் ஒண்ணு 2020. 2019-ல் கர்வ் தலைகீழானது உண்மை, அடுத்த வருஷம் ரெசஷன் வந்ததும் உண்மை. ஆனால் கொரோனாவை பாண்ட் டிரேடர்கள் முன்கூட்டியே கண்டுபிடிச்சாங்கன்னு யாரும் சொல்லமாட்டாங்க. 1966-ல் தலைகீழானபோது ரெசஷன் வரலை, வளர்ச்சி மெதுவானதோடு சரி. 2023 தொடக்கத்தில் அதே ஹார்வியே, இந்தத் தடவை இது பொய் எச்சரிக்கையா இருக்கலாம்னு சொன்னார். 2024 முடிஞ்சது, ரெசஷன் வரலை. ஃபெட் 2024 செப்டம்பரில் ரேட்டைக் குறைக்க ஆரம்பிச்சது. கர்வ் சொன்ன ஒரே வாக்கியம் பலிச்சது. நாம கூட ஒட்டவச்ச வாக்கியம்தான் பலிக்கலை.

நேரமும் ஒரு சிக்கல். கர்வ் தலைகீழாகி எத்தனை மாதத்தில் மந்தம் வரும்னு நிலையான எண் கிடையாது. 2006-ல் தலைகீழானது, ரெசஷன் தொடங்கியது 2007 டிசம்பரில். அதுக்குள்ளே கர்வ் மறுபடி நிமிர்ந்தும் விட்டது. நிமிர்ந்ததும் "ஆபத்து நீங்கியது"ன்னு கொண்டாடுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும். எந்த முனை அசைஞ்சு நிமிர்ந்ததுன்னு பாருங்க. குறுகிய கால யீல்டு வேகமா சரிஞ்சு நிமிர்ந்தால், ஃபெட் எதையோ பார்த்துப் பயந்திருக்கலாம். நீண்ட கால யீல்டு ஏறி நிமிர்ந்தால் அது வேறு கதை.

நம்ம பிளேஸ்மென்ட்டுக்கு என்ன?

"ரெசஷனே வரலையே, அப்புறம் ஏன் 2023, 2024-ல் ஆஃபர் குறைஞ்சது? ஏன் ஜாய்னிங் தேதி தள்ளிப்போச்சு?" இது நியாயமான கேள்வி. இந்தியாவின் பெரிய ஐடி கம்பெனிகளான டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் 2023-24 நிதியாண்டில் ஆள் எண்ணிக்கை குறைஞ்சது. கொரோனா காலத்தில் தேவைக்கு மேல் எடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தக் கோட்டின் இடது முனையில் இருந்தது.

குறுகிய கால ரேட் 5-க்கு மேல் நின்றால், அமெரிக்க கிளையன்ட் கம்பெனி கடன் வாங்கிப் புது சாஃப்ட்வேர் திட்டம் தொடங்க யோசிக்கும். ஸ்டார்ட்அப்பில் பணம் போடுறவர், சும்மா அரசு பாண்டில் போட்டாலே 5 வருதே என்பார். பேங்குகளும் டெபாசிட்டுக்கு அதிக வட்டி கொடுத்து, பழைய குறைந்த வட்டிக் கடனில் மாட்டிக்கிட்டு, புதுக் கடனைச் சுருக்கும். ஒரு நாடே மந்தத்தில் விழாமல் இருக்கும்போதும் இது நடக்கலாம், நடந்தது. "ரெசஷன் வரும், எல்லாம் போச்சு"ன்னு சொன்னவங்களும் தப்பு. "ரெசஷன் வராது, நமக்குக் கவலையில்லை"ன்னு சொன்னவங்களும் தப்பு. இரண்டு பேருமே கோட்டின் சரிவைப் பார்த்தாங்க, அதன் உயரத்தைப் பார்க்கலை.

அதனால் அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தால் ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எந்த இரண்டு பாண்டுகளை ஒப்பிடுறாங்க, 2 வருஷமா 3 மாதமா? எந்த முனை அசைஞ்சது, மத்திய வங்கி ஏத்தினதா, சந்தை வாங்கிக் குவிச்சதா? ரேட் இறங்கும்னு சந்தை நினைக்கக் காரணம் வேலை போறதா, விலைவாசி அடங்குறதா? மூணாவது கேள்விக்கான பதில் கர்வில் இருக்காது. வேலையின்மை எண்ணையும் பணவீக்க எண்ணையும் தனியாப் பார்த்துத்தான் ஆகணும். அதைப் பார்க்காமல் உங்க நாலு வருஷப் படிப்பின் முடிவை ஒரு வளைஞ்ச கோட்டிடம் ஒப்படைக்காதீங்க.

அப்பாவோட எஃப்.டி. 2025 அக்டோபரில் முடிஞ்சது. அதுக்குள்ளே ரிசர்வ் வங்கி ரெப்போ ரேட்டை 6.5-லிருந்து 5.5-க்கு இறக்கியிருந்தது. அதே 444 நாள் திட்டத்துக்கு போர்டில் அப்போ 6.6. 5 வருஷத்துக்கு 6.05. பேங்க் போர்டு பாண்ட் சந்தை இல்லைதான், பேங்க் தன் தேவைக்கும் ரேட் வைக்கும். ஆனால் அன்றைக்கு அந்த போர்டும் சத்தமில்லாமல் அதையேதான் சொல்லியிருக்கு: இந்த உயரம் நிலைக்காது.

"அப்போ அன்னைக்கே 5 வருஷத்துக்குப் போட்டிருக்கணுமா?" என்று அப்பா கேட்டார். இந்தத் தடவை தப்பிக்கலை. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். 444 நாள் அதிக வட்டியில் கிடைச்சது ஒரு பக்கம், மீதி மூணே முக்கால் வருஷத்துக்குக் குறைந்த வட்டி இன்னொரு பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட சமமாத்தான் வந்தது.